பதினான்கு பேர் கடைக்கு ஒரு மருத்துவ விடுப்பு விதி

சிறு நிறுவனங்கள் தரும் பணி நியமனக் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "உடல்நலக் குறைவு ஏற்பட்டால், தகுந்த மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பிக்கும் பட்சத்தில், நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டு விடுப்பு வழங்கப்படும்." படிக்கக் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் நிஜமாகவே படுத்துவிட்டால் இந்த வரியால் யாருக்கும் பயனில்லை. தகுந்த சான்றிதழ் எது, யார் கொடுத்தது, எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும்? விடுப்புக்குச் சம்பளம் உண்டா, உண்டென்றால் எத்தனை நாளுக்கு? இவற்றில் எதற்கும் பதில் இல்லை. "நிர்வாகத்தின் முடிவு" என்பதற்கு நடைமுறையில் ஒரே அர்த்தம்தான்: அன்றைக்கு முதலாளியின் மனநிலை எப்படியோ அப்படி. கணக்குப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது முழுச் சம்பளம், குடோன் ஆளுக்கு வந்தபோது பிடித்தம் என்று ஆனால், அடுத்த நாளே கடையில் அதுதான் பேச்சு.

அதைவிடப் பெரிய சிக்கல், இது முழுக்க முதலாளியின் முடிவு அல்ல என்பது. கடை, ஷோரூம், அலுவலகம் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 25ஆம் பிரிவுப்படி, நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு 12 நாள் இதற்கு வெளியே. ஈட்டிய விடுமுறை 12 நாள் வேண்டுமானால் ஓராண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். நோய் விடுப்புக்கு அந்த நிபந்தனை இல்லை, முதல் ஆண்டிலேயே உண்டு. "புரொபேஷனில் இருப்பவர்களுக்கு மெடிக்கல் லீவு கிடையாது" என்று எழுதி வைத்திருக்கும் கடைகள் ஏராளம். அந்த வரி செல்லாது. விதி எழுதுகிறவர் இந்த 12 நாளைத் தரையாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், கீழே போக முடியாது. (தொழிற்சாலைகளுக்குச் சட்டம் வேறு. இங்கே கடைகளைப் பற்றி மட்டும் பார்ப்போம்.)

பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு பாத்திரக்கடையை மனதில் வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு எட்டுப் பேர், பில் போட இருவர், குடோனில் மூவர், ஒரு மேலாளர். இந்தக் கடைக்கு ஒன்றரைப் பக்கத்தில் ஒரு விதி போதும்.

முதலில் தகவல் சொல்வது. இதை நீட்டத் தேவையில்லை. "கடை திறக்கும் நேரத்துக்கு முன் மேலாளருக்குப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்ல வேண்டும். பேச முடியாத நிலையில் இருந்தால் வீட்டில் உள்ள யாராவது சொன்னால் போதும்" என்று எழுதினால் முடிந்தது. இரண்டாவது வாக்கியம் முக்கியம். ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடப்பவர் "அண்ணாச்சி, உடம்பு சரியில்ல, இன்னைக்கு வர முடியாது" என்று போன் போட முடியாது. அவர் மனைவி மறுநாள் சொன்னால், அது "தகவல் இன்றி வராமை" ஆகிவிடக் கூடாது.

அடுத்து சான்றிதழ். தகராறு அதிகம் வருவது இங்கேதான்.

ஒரு நாள் காய்ச்சலுக்கும் சான்றிதழ் கேட்கும் கடைகள் உண்டு. அது வீண் வேலை. காய்ச்சல்காரர் 300, 400 ரூபாய் செலவழித்துக் கிளினிக்கில் உட்கார்ந்து ஒரு தாள் வாங்குகிறார், அந்தத் தாளால் கடைக்கு எந்த லாபமும் இல்லை. பலர் அந்தச் செலவுக்குப் பயந்து காய்ச்சலோடு வேலைக்கு வந்து இன்னும் நாலு பேருக்குப் பரப்புவார்கள். இரண்டு நாள்வரை வாய்ச்சொல் போதும், மூன்றாம் நாளிலிருந்து சான்றிதழ் வேண்டும் என்பது நியாயமான கோடு. திங்கட்கிழமைதோறும் ஒருவருக்கு வயிற்று வலி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். அதற்கும் ஒரு வரி: "மூன்று மாதத்தில் நான்கு முறைக்கு மேல் ஓரிரு நாள் விடுப்பு எடுத்தால், அடுத்த முறை ஒரு நாளுக்கும் சான்றிதழ் கேட்கப்படலாம்."

சான்றிதழை யார் தரலாம் என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த அலோபதி மருத்துவர் என்று மட்டும் எழுதினால், மஞ்சள் காமாலைக்குச் சித்த மருத்துவரிடம் போனவர் வெளியே நிற்பார். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி ஆகியவற்றிலும் முறைப்படி பதிவு பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் கூட்டத்தில் நின்று மாத்திரை வாங்குகிறவருக்குத் தனிச் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்காது. தேதி முத்திரையுள்ள ஓ.பி. சீட்டையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ ஏற்கலாம் என்று எழுதிவிடுவது நல்லது. மெடிக்கல் ஷாப் பில் சான்றிதழ் ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சான்றிதழ் உண்மையானதா என்று பார்க்கத் துப்பறியத் தேவையில்லை. மருத்துவர்களின் தொழில் ஒழுங்கு பற்றிய 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அலோபதி மருத்துவர் தான் தரும் சான்றிதழில் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். தந்த சான்றிதழ்களுக்கு ஒரு பதிவேடு வைத்து நகலும் வைத்திருக்க வேண்டும், நோயாளியின் அடையாளக் குறியையும் எழுத வேண்டும். பொய்ச் சான்றிதழ் தருவது அவர்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். எனவே பதிவு எண் இல்லாத தாள், பெயர் மட்டும் கையால் நிரப்பிய அச்சடித்த படிவம், பத்து நாள் கழித்துப் பின்தேதியிட்டு வாங்கிய சீட்டு ஆகியவை சந்தேகத்துக்குரியவை. அப்போதும் மருத்துவரிடம் "இப்படியொரு சான்றிதழ் கொடுத்தீர்களா?" என்று கேட்கலாம், என்ன நோய் என்று கேட்கக் கூடாது. அவரும் சொல்லக் கூடாது.

நோயின் பெயரைச் சான்றிதழில் எழுதியே தீர வேண்டும் என்று வற்புறுத்துவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கடைக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்தான்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை வேலை செய்ய முடியாது, எப்போது திரும்பலாம், திரும்பியதும் ஏதாவது வேலையைத் தவிர்க்க வேண்டுமா. கர்ப்பப்பைப் பிரச்சினைக்காகவோ மனநல சிகிச்சைக்காகவோ விடுப்பு எடுக்கும் பெண்ணின் சீட்டு மேலாளர் மேசையில் கிடந்தால், மாலைக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிடும். எச்.ஐ.வி. விஷயத்தில் சட்டமே தனியாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எச்.ஐ.வி. இருப்பவரிடம் வேலையில் பாகுபாடு காட்டுவதையும், வேலைக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதையும் தடை செய்கிறது. ஆகவே விதியில் இப்படி எழுதலாம்:

"மூன்று நாளோ அதற்கு மேலோ விடுப்பு எடுத்தால், பதிவு பெற்ற மருத்துவரின் சான்றிதழை வேலைக்குத் திரும்பும் நாளில் கொடுக்க வேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் ஏழாம் நாளுக்குள் போட்டோ எடுத்து மேலாளருக்கு அனுப்பினால் போதும், அசலைப் பிறகு தரலாம். நோயின் பெயர் குறிப்பிட வேண்டியதில்லை. சான்றிதழ்கள் மேலாளரிடம் பூட்டிய கோப்பில் இருக்கும்."

உடல் தகுதிச் சான்றிதழை எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை, தொற்று நோய், இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்பு ஆகிய மூன்றுக்கும் போதும். குடோனில் அண்டாவையும் குண்டாவையும் தூக்குகிறவர் குடலிறக்க அறுவை முடிந்து திரும்பினால், எத்தனை கிலோவரை தூக்கலாம் என்று மருத்துவர் எழுதித் தருவது அவருக்கும் பாதுகாப்பு, கடைக்கும் பாதுகாப்பு.

இனி பணம். இங்கே இ.எஸ்.ஐ.யை விட்டுவிட்டு எழுதிய விதி பாதி விதிதான். நம் கடையில் பதினான்கு பேர் என்பதால் இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோயில் இருக்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. தன் மருத்துவர் சான்றின்பேரில் சராசரி தினக்கூலியில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாள்வரை தரும். நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது.

இரண்டையும் இணைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலாளி சம்பளம் தரும் விடுப்பு நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் தராது. ஒரே நாளுக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. சில ஆலோசகர்கள் இதைக் காட்டி, "இ.எஸ்.ஐ. இருக்கும்போது 12 நாள் சிக் லீவு எதற்கு?" என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. இரண்டு நாள் காய்ச்சலுக்கு இ.எஸ்.ஐ. ஒரு பைசா தராது. புதிதாகச் சேர்ந்தவருக்கும் உடனே தராது. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச்வரை இன்னொன்று. ஒரு காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருந்தால்தான் அதற்கான பயன் காலத்தில் நோய்ப் பணம் கேட்க முடியும். அந்தப் பயன் காலமும் பங்களிப்புக் காலம் முடிந்து மூன்று மாதம் கழித்தே தொடங்கும். அதனால் ஏப்ரலில் சேர்ந்த பெண்ணுக்கு ஆகஸ்டில் டெங்கு வந்தால், அவள் நம்பியிருக்க முடிவது கடையின் 12 நாளை மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடோனில் ஐந்தாண்டாக வேலை செய்பவர், மாதம் 15,000 ரூபாய். இரண்டு வாரமாக இருமல், சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிகிறது. இந்த ஆண்டு 12 நாளில் ஏற்கெனவே 4 நாள் எடுத்துவிட்டார், மீதி 8. இ.எஸ்.ஐ. மருத்துவர் கொடுத்த சான்றுப்படி 70 நாள் ஓய்வு. வார விடுமுறைச் சிக்கலை ஒதுக்கிவிட்டு, மாதத்தை 30 நாளாக வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 500 ரூபாய்.

முதல் 8 நாள் கடை முழுச் சம்பளம் தருகிறது, 4,000 ரூபாய். இ.எஸ்.ஐ. பணம் தராத அந்த முதல் இரண்டு நாளும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மீதி 62 நாளுக்கு இ.எஸ்.ஐ. தரும் 350 ரூபாய் வீதம் 21,700. ஆக 25,700 ரூபாய். வேலைக்கு வந்திருந்தால் 35,000 கிடைத்திருக்கும், குறைவது 9,300. வலிதான், ஆனால் குடும்பம் கவிழாது. இந்தக் கணக்கு விதியில் இல்லாத கடையில் என்ன நடக்கும் என்றால், முதலாளி இரக்கப்பட்டு "பாதிச் சம்பளம் போட்டுடுவோம்" என்பார். அந்தப் பாதிச் சம்பளம் விடுப்புச் சம்பளமாகப் பதிவேட்டில் ஏறிவிடும். இ.எஸ்.ஐ. அலுவலகம் "இந்த நாள்களில் இவருக்குச் சம்பளம் கொடுத்தீர்களா?" என்று கேட்கும்போது, ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நாளுக்கு 250 கொடுக்கப் போய் 350ஐக் கெடுத்ததாக முடியும். உதவ விரும்பும் முதலாளி அதைப் பிற்காலச் சம்பளத்தில் தவணையாகக் கழிக்கும் முன்பணமாக எழுதித் தரலாம்.

பிடித்தத்தை எந்த எண்ணால் வகுப்பது என்பதும் விதியில் இருக்க வேண்டும். 15,000ஐ 30ஆல் வகுத்தால் 500, 26ஆல் வகுத்தால் ஏறக்குறைய 577. ஓவர்டைமுக்கு 30ஆலும் பிடித்தத்துக்கு 26ஆலும் வகுக்கும் கடைகளும் இருக்கின்றன, அதை என்னவென்று சொல்வது! வியாழன் முதல் செவ்வாய்வரை விடுப்பு எடுத்தால் நடுவில் வரும் ஞாயிறு 12 நாளில் கழியுமா என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். கழியாது என்று எழுதுவதுதான் நியாயம்.

"சான்றிதழ் தரும் நோய் விடுப்புக்கு ஆண்டில் 12 நாள்வரை பிடித்தம் இல்லை, இடையில் வரும் வார விடுமுறை இதில் கழியாது. அதற்குப் பிறகு இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. நோய்ப் பணம் பெறலாம். அதற்கான தாள்களில் மேலாளர் இரண்டு வேலை நாளுக்குள் கையெழுத்திட்டுத் தருவார். சம்பளமில்லா நாளுக்குப் பிடித்தம் மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்துக் கணக்கிடப்படும்."

இரண்டு நாள் என்ற வார்த்தையை நீக்கிவிடாதீர்கள். இ.எஸ்.ஐ. பணம் தாமதமாவதற்குச் சில நேரம் காரணம், முதலாளி பக்கத்துத் தாள் மேசையிலேயே கிடப்பதுதான்.

மேலாளரின் சம்பளம் 28,000. அவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. 12 நாளுக்குப் பிறகு அவருக்கு என்ன என்பது முழுக்க முதலாளியின் கையில். அடுத்த 30 நாள் அரைச் சம்பளம், அதன்பின் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதுவது சிறு கடை தாங்கக்கூடிய அளவுதான். தாங்காது என்றால் குழு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தரலாம். எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

பிரசவமும் வேலையில் ஏற்படும் காயமும் இந்த 12 நாளுக்குள் வராது. கருச்சிதைவுக்கு ஆறு வார விடுப்பைச் சட்டம் தனியாகத் தருகிறது. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம்வரை உண்டு. வேலையில் காயம்பட்டால் இ.எஸ்.ஐ. தருவது 90 சதவீதம். "இவை தனி, மருத்துவ விடுப்பில் கழிக்கப்படாது" என்று ஒரு வரி போதும்.

கடைசியாக நீண்ட நோய். பல விதிகளில் மிக மோசமாக எழுதப்பட்டிருக்கும் பகுதி இதுதான்: "தொடர்ந்து 10 நாள் வராதவர் தாமாக வேலையை விட்டதாகக் கருதப்படுவார்." முதலாளிகளுக்கு இந்த வரிமேல் அபார நம்பிக்கை. உச்ச நீதிமன்றம் 1993இல் டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் இதைத்தான் எடுத்துப் பார்த்தது. எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை போய்விடும் என்று அந்த நிறுவனத்தின் நிலையாணையிலேயே இருந்தது. அப்படி இருந்தாலும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் வெளியே அனுப்பியது இயற்கை நீதிக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. யாதவை மீண்டும் வேலையில் சேர்த்து, பாதிப் பின்சம்பளமும் தரச் சொன்னது. ஆக, அந்த ஒற்றை வரியை நம்பி ஒருவரை நிறுத்தும் முதலாளி பின்னால் சம்பளம் கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இதோடு வேறு தடைகளும் உண்டு. இ.எஸ்.ஐ. நோய்ப் பணம் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அவர் மேல்முறையீடு செய்யலாம்.

அதே காசநோய்க்காரரின் நோய் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காசநோய், புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு இ.எஸ்.ஐ. 91 நாளோடு நிறுத்துவதில்லை. இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, போதிய பங்களிப்பும் இருந்தால், அதற்குப் பிறகு 80 சதவீதம் தருகிறது. நம் ஆளுக்கு அது நாளுக்கு 400 ரூபாய். இது தெரிந்த முதலாளிக்கு அவரை அவசரமாக நீக்கும் தேவையே இருக்காது. சம்பளச் செலவு கடைக்கு இல்லை, இடத்தை மட்டும் தற்காலிக ஆளை வைத்து நிரப்பினால் போதும். அந்தத் தற்காலிக ஆளிடமும் "இன்னார் திரும்பும்வரை" என்று தேதியோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வருகிறவருக்கு இடம் இருக்காது.

"30 நாளுக்கு மேல் நீளும் நோய்க்கு, ஆறு மாதம்வரை வேலை காத்து வைக்கப்படும், இ.எஸ்.ஐ. பணம் தொடரும் காலம்வரை அது நீளும். மாதம் ஒருமுறை மேலாளர் போன் செய்து நிலையைக் கேட்பார். வேலைக்கு வரச் சொல்லி வற்புறுத்த மாட்டார். திரும்பும்போது மருத்துவர் சொன்னால் இரண்டு மாதம்வரை இலகுவான வேலை தரப்படும். இந்தக் காலம் முடிந்தும் திரும்ப முடியாவிட்டால், வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, நேரில் அல்லது எழுத்தில் அவர் கருத்தைக் கேட்டு, மருத்துவர் கருத்தையும் பார்த்த பிறகே முடிவெடுக்கப்படும். வேலையிலிருந்து விடுவிக்க நேர்ந்தால் முன்னறிவிப்பும் சட்டப்படியான நிலுவைகளும் தரப்படும்."

ஆறு மாதம் என்பது என் அளவு. கடையின் வசதியைப் பார்த்து நான்காகவும் வைக்கலாம், எட்டாகவும் வைக்கலாம். ஆனால் கால எல்லையே இல்லாமல் "தேவைப்படும்வரை" என்று எழுதாதீர்கள். கேட்க இனிமையாக இருக்கும், நான்காம் மாதத்தில் இரு தரப்புக்கும் கசக்கும்.

எழுதும்போது சட்டப் பிரிவு எண்களை விதிக்குள் போட வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, இ.எஸ்.ஐ. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் போய்விட்டது. பழைய பிரிவு எண்ணை அச்சடித்து வைத்திருந்த கடைகள் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கிறது. கடைகள் சட்டம் மாநிலச் சட்டம் என்பதால் அந்த 12 நாள் அப்படியே நிற்கிறது. "அப்போது நடைமுறையில் உள்ள சட்டம் கூடுதலாகத் தந்தால் அதுவே பொருந்தும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

விதி தயாரானதும் தமிழில் அச்சடித்து, பதினான்கு பேருக்கும் படித்துக் காட்டி, ஆளுக்கு ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். தொடங்கும் தேதியைப் போடுங்கள். அன்றைக்கு ஏற்கெனவே நோயில் படுத்திருப்பவர் யாராவது இருந்தால், பழைய ஏற்பாடு, புதிய விதி இரண்டில் அவருக்கு எது நல்லதோ அதையே கொடுங்கள்.